போர்வெல் தண்ணீரும் குழாய்ப் பூச்சும்

கேள்வி: எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர்தான். பாத்ரூம் குழாய்க்கு குரோம், பிரஷ்டு நிக்கல், மேட் பிளாக் மூன்றில் எது நாள்பட நன்றாக இருக்கும்?

பராமரிக்கச் சுலபம் குரோம். கறை கண்ணுக்குத் தெரியாமல் இருக்க பிரஷ்டு நிக்கல். மேட் பிளாக்கை நான் வாங்க மாட்டேன்.

துளி காய்ந்ததும் அதிலிருந்த சுண்ணாம்பு வெள்ளையாகத் தங்கிவிடும். குரோம் கண்ணாடி போல வழவழப்பு. பொட்டு பளிச்சென்று தெரியும், ஆனால் மேலோடுதான் ஒட்டியிருக்கும். வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, துணியை நனைத்துப் பத்து நிமிடம் சுற்றி வைத்துக் கழுவினால் போய்விடும். டாய்லெட் கிளீனர் மட்டும் வேண்டாம். அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமையே அரித்துவிடும்.

பிரஷ்டு நிக்கலின் மெல்லிய கோடுகள் பொட்டை மறைத்துவிடும். வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படிய வைக்கும் கெட்டியான பூச்சு பி.வி.டி.; அதையே பார்த்து வாங்குங்கள். சாதாரண நிக்கல் முலாம் என்றால் வினிகரை அதிக நேரம் விட்டாலே மங்கும்.

மேட் பிளாக்கில் பிரச்சினை இரண்டு. கறுப்பில் வெள்ளை எடுப்பாகத் தெரியும். சொரசொரப்பில் சுண்ணாம்பு இறுகப் பிடிக்கும். எங்கள் வாஷ்பேசின் குழாயை ஸ்கிரப்பரால் தேய்த்தோம். சுண்ணாம்பு போனது, அப்புறம் பார்த்தால் தேய்த்த இடம் மட்டும் பளபளவென்று திட்டாக நின்றது. அந்தத் திட்டை மறுபடி மேட் ஆக்க வழியில்லை. கறுப்புதான் வேண்டுமென்றால், சரி, ஒவ்வொரு முறையும் துணியால் ஈரத்தைத் துடைக்க வேண்டும்.