அனுமதித்த விடுப்புக்கும் எல்ஓபியா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மேனேஜர் அனுமதித்த விடுப்புக்கு இரண்டு நாள் சம்பளம் பிடித்துவிட்டார்கள். திருப்பிக் கேட்கலாமா?

எந்த வகை விடுப்பு, அன்று கணக்கில் எத்தனை நாள் மீதி இருந்தது, எந்தத் தேதியில் அனுமதி வந்தது? மூன்றில் ஒன்றைக்கூட எழுதாமல் பதில் கேட்டால் எப்படி? அனுமதி கிடைத்த விடுப்பு வேறு, சம்பளத்துடன் கூடிய விடுப்பு வேறு. கேஷுவல் லீவில் ஒரு நாள்தான் மீதி இருக்கும்போது மூன்று நாளுக்கு விண்ணப்பித்தால், மேனேஜர் மூன்று நாளுக்கும் சரி என்று அழுத்துவார். மீதி இல்லாத இரண்டு நாளும் எல்ஓபி, அதாவது சம்பளமில்லாத நாள், ஆகிவிடும். "வராமல் இருக்கலாம்" என்பது மட்டும்தான் அங்கே அவர் கொடுத்த அனுமதி. விடுப்பு எடுத்த அன்று மீதி இருந்தது என்றால் தாராளமாகக் கேளுங்கள். மீதி இருந்ததைக் காட்டும் பக்கத்தை முதலில் சேமித்துக்கொள்ளுங்கள்.

27-ஆம் தேதி அவசர விடுப்பு எடுத்தேன், 29-ஆம் தேதி அனுமதி வந்தது. மீதி இருந்தும் பிடித்துவிட்டார்கள். அடுத்த மாதம் தானாக வந்துவிடும் என்கிறார்கள்.

பெரும்பாலான இடங்களில் வருகைப்பதிவை 20-இலிருந்து 25-ஆம் தேதிக்குள் பூட்டிவிடுவார்கள். பூட்டிய பிறகு வந்த அனுமதி விடுப்புப் பக்கத்தில் `Approved` என்று பச்சையாகத் தெரியும், ஆனால் சம்பளக் கணக்குக்குப் போயிருக்காது. பல மென்பொருள்களில் பேரோல் ஆள் ஒருவர் "இந்த மாதத்தின் இத்தனை எல்ஓபி நாள் ரத்து" என்று கையால் பதிந்தால்தான் பணம் வரும். அதனால் தானாக வரும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அடுத்த மாதப் பூட்டுத் தேதிக்கு முன் பேரோலுக்கு மெயில் போகட்டும், மேனேஜருக்கு நகல். விடுப்பு நாள், அனுமதி வந்த தேதி, அன்றைய மீதி, பே ஸ்லிப்பில் உள்ள எல்ஓபி நாள் எண்ணிக்கை, இந்த நான்கும் போதும். அனுமதிப் பக்கத்தின் படத்தையும் இணையுங்கள். குடும்பத்தில் நடந்ததையெல்லாம் மூன்று பத்தி எழுத வேண்டாம், பேரோல் ஆளுக்கு அது பயன்படாது.

வெள்ளியும் திங்களும் விடுப்பு, இரண்டுக்கும் அனுமதி உண்டு. சனி, ஞாயிறுக்குச் சம்பளம் பிடித்திருக்கிறார்கள்.

சாண்ட்விச் விதி, அதாவது இரண்டு விடுப்பு நாளுக்கு நடுவே மாட்டும் வார விடுமுறையையும் விடுப்பாக எண்ணுவது. உங்கள் நிறுவனத்தின் விடுப்புக் கொள்கையில் அது எழுத்தில் இருக்கிறதா, எந்த வகை விடுப்புக்குப் பொருந்தும் என்று பாருங்கள். எழுத்தில் இல்லையென்றால் அந்த வரியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

பிப்ரவரியில் தவறாகப் பிடித்த மூன்று நாள் சம்பளத்தை மார்ச்சில் தந்துவிட்டார்கள். ஆனால் சுமார் 400 ரூபாய் குறைகிறது. சின்னத் தொகைதானே, விட்டுவிடலாமா?

விடாதீர்கள். இந்தத் தவறை நான் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பணம் கைக்கு வந்துவிட்டது என்று எல்லாரும் அமைதியாகிவிடுவதால்தான் அது நிற்காமல் நடக்கிறது.

நீங்கள் அனுப்பிய ஸ்லிப்பின்படி மாதச் சம்பளம் 42,000. பிப்ரவரிக்கு 28 நாள், ஆக ஒரு நாளுக்கு 1,500. மூன்று நாளுக்கு 4,500 பிடித்தார்கள். திருப்பித் தரும்போது மார்ச்சின் 31 நாளால் வகுத்திருக்கிறார்கள். ஒரு நாளுக்கு ஏறத்தாழ 1,355, மூன்று நாளுக்கு 4,065. குறைகிற 435 ரூபாய் அங்கேதான் போயிற்று. எந்த மாதத்தில் பிடித்தார்களோ அந்த மாதத்தின் வகுக்கும் எண்ணையே திருப்பித் தரும்போதும் எடுக்க வேண்டும். எல்லா மாதத்தையும் 30 என்றோ 26 என்றோ வைத்திருக்கும் நிறுவனங்களில் இந்தச் சிக்கல் வராது.

அதைவிடப் பெரிய விஷயம், அந்தத் தொகை எந்தப் பெயரில் வந்தது என்பது. உங்கள் மார்ச் ஸ்லிப்பில் "இதர அலவன்ஸ்" என்று ஒரே வரியாக வந்திருக்கிறது. பிடித்தபோது பேசிக், எச்ஆர்ஏ என்று ஒவ்வொன்றிலும் பிடித்தார்கள். உங்கள் பேசிக் 21,000, அதில் மூன்று நாளுக்கு 2,250 போயிற்று. முழு பேசிக்குக்கும் பிஎஃப் கட்டும் நிறுவனம் என்பதால் 12 சதவீதம், அதாவது 270 ரூபாய் உங்கள் பங்கிலும் இன்னொரு 270 நிறுவனத்தின் பங்கிலும் குறைந்தது. அலவன்ஸ் என்று போட்டுத் திருப்பியதால் அதற்கு பிஎஃப் கட்டவில்லை. உங்கள் 270 கையில் வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், நிறுவனம் கட்ட வேண்டிய 270 உங்களுக்கு வரவே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பிஎஃப் அலுவலகத்துக்கு மாதாமாதம் போகும் இசிஆர் கோப்பில் `NCP Days` என்று ஒரு கட்டம் உண்டு, சந்தா இல்லாத நாள்கள் அதில் ஏறும். பிப்ரவரிக்கு அங்கே 3 என்று போயிருக்கும். பென்ஷனுக்கான சேவைக் காலத்தில் அந்த நாள்கள் சேராது. பேசிக் எவ்வளவு இருந்தாலும் 15,000 ரூபாய்க்கு மட்டும் பிஎஃப் கட்டும் இடங்களில் சந்தா குறையாமலே இருந்திருக்கலாம், அப்போதும் அந்தக் கட்டத்தில் எண் நின்றுவிடும்.

ஆகவே பணத்தை மட்டும் கேட்காதீர்கள், அந்த மூன்று நாளையும் திருப்பிக் கேளுங்கள். மெயிலில் இப்படி எழுதலாம்: "பிப்ரவரியின் 3 எல்ஓபி நாள்களை அதே மாத விகிதத்தில் ரத்து செய்து, பேசிக் உள்ளிட்ட ஒவ்வொரு வரியிலும் நிலுவையாகக் காட்டவும். அந்த நிலுவைக்கு பிஎஃப் கட்டி, பிப்ரவரியின் என்சிபி நாளைத் திருத்தவும். ஏற்கெனவே தந்த 4,065 ரூபாயைக் கழித்துக்கொள்ளலாம்." சரியாகச் செய்திருந்தால் அடுத்த ஸ்லிப்பில் `LOP Reversal` அல்லது அரியர் என்ற தலைப்பில் நாள் எண்ணிக்கையோடு வரும். அப்புறம் பிஎஃப் பாஸ்புக்கில் நிலுவைக்கான சந்தா ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லிப் சரியாக இருந்து பாஸ்புக்கில் ஏறாத ஆட்களையும் பார்த்திருக்கிறேன்.

அரைநாள் விடுப்புக்கு அனுமதி வாங்கினேன், முழு நாள் பிடித்திருக்கிறார்கள்.

மீதி அரைநாளில் உள்ளே வந்த பதிவு, வெளியே போன பதிவு இரண்டும் இருக்கின்றனவா? ஒன்று இல்லையென்றாலும் இயந்திரம் அந்த அரைநாளையும் ஆப்சென்ட் ஆக்கிவிடும். முதலில் வருகைப்பதிவைத் திருத்தச் சொல்லுங்கள், எல்ஓபி ரத்து அதன் பிறகுதான். வேலை செய்த அரைநாளுக்குப் பிடிக்க அவர்களுக்கு வழி இல்லை. வராததற்கான பிடித்தம் வராத நேரத்தின் அளவைத் தாண்டக் கூடாது என்பது சம்பளச் சட்டத்திலேயே உள்ளது.

மேனேஜர் வாட்ஸ்அப்பில் "ஓகே, டேக் கேர்" என்று போட்டார். மென்பொருளில் நான் விண்ணப்பிக்கவில்லை. இப்போது அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

எத்தனை தடவை எழுதுவது! வாட்ஸ்அப்பில் சரி என்றாலும் மென்பொருளில் ஏற்றுங்கள், ஏற்ற முடியாத நாளில் ஒரு வரி மெயிலாவது போடுங்கள். இப்போது செய்ய வேண்டியது: முன்தேதியிட்ட விண்ணப்பத்துக்கு மென்பொருள் இடம் தந்தால் உடனே ஏற்றுங்கள். இடம் தராவிட்டால் அந்தச் செய்தியைத் தேதி, எண் தெரியும்படி படமெடுத்து, இப்போதைய மேனேஜர் மூலம் எச்ஆருக்கு அனுப்புங்கள். அன்று விடுப்பு மீதி இருந்தது என்றால் பலர் ஒத்துக்கொள்வார்கள், அந்த நாளை மீதியிலிருந்து கழித்துக்கொண்டு சம்பளத்தைத் திருப்புவார்கள். ஆனால் விதியைக் காட்டி மறுத்தால் உங்கள் கை பலவீனம்தான்.

நோட்டீஸ் காலத்தில் இருக்கிறேன். பழைய எல்ஓபி ஒன்று நிலுவையில் இருக்கிறது. கடைசிக் கணக்கில் பார்த்துக்கொள்ளலாமா?

இப்போதே கேளுங்கள். கடைசி நாளுக்குப் பிறகு விடுப்புப் பக்கத்துக்குள் நுழையவே முடியாது. அனுமதிப் பக்கம், மீதிப் பக்கம், அந்த மாத ஸ்லிப் மூன்றையும் இன்றைக்கே இறக்கி உங்கள் சொந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செட்டில்மென்ட் தாளில் அந்த நாள் தனி வரியாக வராதவரை "பாக்கி எதுவும் இல்லை" என்ற கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.