ரப்பர் ஷெட்டில் எத்தனை ஆள்? உற்பத்திக் கணக்கு: கேள்வி-பதில்

இறுதிநிலை உற்பத்தி, சராசரி உற்பத்தி இரண்டையும் அட்டவணையிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு எப்போதும் குழம்புகிறது.
பிளஸ் ஒன் மாணவி, குலசேகரம்

உங்கள் ஊர்ப்பக்கம் தெரிந்த வேலையையே எடுத்துக்கொள்வோம். ஒரு ஷெட்டில் கையால் சுற்றும் ரப்பர் ஷீட் மெஷின் ஒரு ஜோடி இருக்கிறது: ஒன்று பிளெயின் ரோலர், மற்றது வரி விழும் ரோலர். ஆட்களை மட்டும் ஒவ்வொருவராகக் கூட்டுகிறோம். ஒரு மணி நேரத்தில் அடிக்கும் ஷீட்டுகள் இவை என்று வைத்துக்கொள்ளுங்கள்:

| ஆட்கள் | மொத்தம் | இறுதிநிலை | சராசரி |
|---|---|---|---|
| 1 | 12 | 12 | 12 |
| 2 | 32 | 20 | 16 |
| 3 | 51 | 19 | 17 |
| 4 | 64 | 13 | 16 |
| 5 | 70 | 6 | 14 |
| 6 | 66 | -4 | 11 |

சராசரிக்கு, அந்த வரியின் மொத்தத்தை அதே வரியின் ஆட்களால் வகுத்தால் போதும்: 64 ÷ 4 = 16. இறுதிநிலைக்கு மேல்வரியும் வேண்டும். நான்காவது ஆள் வந்ததால் கூடியது எவ்வளவு? 64 - 51 = 13. முதல் ஆளுக்கு மேலே வரி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஆளே இல்லாதபோது ஷீட்டும் இல்லை, ஆகவே 12 - 0 = 12.

விடை சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இறுதிநிலைப் பத்தியை மேலிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள்; 12 + 20 + 19 + 13 = 64. நான்காம் வரியின் மொத்தம் வந்துவிட்டது. வராவிட்டால் கழித்தலில் எங்கோ பிழை. அட்டவணை 2 ஆளிலிருந்து நேராக 4 ஆளுக்குத் தாவினால், கூடிய 32 ஷீட்டைக் கூடிய 2 ஆளால் வகுக்க வேண்டும். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.

மூன்றாவது ஆளிலேயே இறுதிநிலை குறைகிறது, ஆனால் சராசரி கூடுகிறதே. இது முரண் இல்லையா?
கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

முரண் இல்லை. மூன்றாவது ஆள் கூட்டியது 19. அதற்கு முந்தைய சராசரி 16. சராசரியைவிடப் பெரிய எண் ஒன்று சேர்ந்தால், அது முந்தைய ஆளின் 20-ஐவிடச் சிறியதாக இருந்தாலும், சராசரி மேலேதான் போகும். நான்காவது ஆளின் 13, சராசரி 17-க்குக் கீழே. அப்போதுதான் சராசரி இறங்குகிறது. மற்றதெல்லாம் அப்படியே இருக்க ஆளை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், ஓர் ஆளிலிருந்து இறுதிநிலை இறங்கத் தொடங்கும் என்பதே குறைந்து செல் விளைவு விதி. ஆகவே அது எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் மூன்றாவது ஆள் என்று எழுதுங்கள். சராசரியோ மொத்தமோ இறங்கும் இடத்தைக் காட்டினால் தவறு. மொத்தம் ஐந்தாவது ஆள் வரை கூடிக்கொண்டே இருக்கிறது பாருங்கள்.

நான் ஷெட் வைத்திருக்கிறேன். நான்காவது, ஐந்தாவது ஆள் வந்தால் அந்த அளவுக்கு வேலை நடப்பதில்லை. சோம்பேறித்தனமா? எத்தனை பேரை வைக்கலாம்?
வாசகர், அருமனை

ஆள்மீது பழி போட வேண்டாம். தனியாக ஒருவர் என்றால் டிஷ்ஷிலிருந்து உறைந்த பாலை எடுத்து, கையால் அமுக்கி, ரோலரில் விட்டு, சுற்றி, அலசி, கொடியில் போடும் வரை எல்லாம் அவரே. இரண்டாமவர் வந்ததும் ஒருவர் சுற்ற, ஒருவர் ஷீட்டை விட, வேலை ஓடுகிறது. நான்கு பேர் ஆனபின் ரோலரில் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டியதாகிறது. ஆறாமவர் வழியை அடைக்கிறார், மொத்தமே குறைகிறது. ஆறு பேரும் ஒரே திறமைசாலிகளாக இருந்தாலும் இப்படித்தான் ஆகும், ஏனென்றால் மெஷின் கூடவில்லை.

எத்தனை பேர் என்பதற்குச் சராசரி உச்சத்தைப் பார்த்து மூன்றில் நிற்காதீர்கள். கணக்குக்காக, ஷீட் ஒன்றை அடித்துக் கொடுத்தால் உங்களுக்கு 8 ரூபாய், ஆளுக்கு மணிக்கு 90 ரூபாய் கூலி என்று கொள்வோம். நான்காமவர் கூட்டும் 13 ஷீட் 104 ரூபாய் தரும், வைக்கலாம். ஐந்தாமவரின் 6 ஷீட் 48 ரூபாய்தான், கட்டாது. கூலி போக மூன்று பேருக்கு 138, நான்கு பேருக்கு 152, ஐந்து பேருக்கு 110 ரூபாய் மிஞ்சும். உங்கள் சொந்த எண்களைப் போட்டால் விடை மாறலாம், ஆனால் முறை இதுதான்.

மழைக்காலத்தில் அதே ஆட்களை வைத்தும் ஷீட் குறைகிறது. இதுவும் அந்த விதிதானா?
வாசகர், திற்பரப்பு

இல்லை. மழையில் பால்வெட்டு நின்றால் ஷெட்டுக்கு வரும் பாலே குறைகிறது. அட்டவணை முழுவதுமே கீழே இறங்கிவிடுகிறது என்று சொல்லலாம். விதி பேசுவது, மற்றதெல்லாம் அப்படியே இருக்க ஆளை மட்டும் கூட்டும்போது நடப்பதை. இன்னொரு ஜோடி ரோலர் வாங்கினாலும் இதே கதைதான்: பழைய அட்டவணை செல்லாது. மெஷினையும் மாற்ற முடிகிற அளவு அவகாசம் கிடைத்துவிட்டதால் அது குறுகிய காலக் கணக்கும் அல்ல. இரண்டு ஜோடிக்கு ஆட்களை ஒவ்வொருவராகக் கூட்டிப் புதிதாக எண்ணிப் பாருங்கள். அங்கேயும் ஏதோ ஓர் ஆளில் இறுதிநிலை இறங்கத் தொடங்கும்.