ஆடி மாதத்துக்குப் பன்னிரண்டு கேப்ஷன்

"செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக வெள்ளிக் கொலுசுக் கடை வைத்திருக்கிறோம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தினமும் ஏதாவது போடச் சொல்கிறார்கள். போன் ஒன்றுதான், மதியத்துக்கு மேல் வீட்டுக்காரர் பட்டறைக்கு எடுத்துப் போய்விடுவார். ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தால் 'அழகிய கொலுசுகள், அணுகவும்' என்பதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. மாதம் முழுக்க எப்படித் திட்டமிடுவது?"
– ஒரு வாசகி, சேலம்

தினமும் வேண்டாம் தங்கச்சி. வாரத்துக்கு மூன்று, மாதத்துக்குப் பன்னிரண்டு போதும். ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் நிற்கும். செவ்வாய், வியாழன், சனி காலையில் போட்டுவிட்டால், போன் பட்டறைக்குப் போனாலும் அது தன் வேலையைப் பார்க்கும்.

திட்டத்தை மட்டும் போனில் வைக்காதீர்கள். கடையில் தொங்கும் மாதக் காலண்டரிலேயே பென்சிலால் எழுதுங்கள். போன் கையில் இல்லாத மத்தியானங்களில்தான் உங்களுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்.

வரப்போகும் ஆடியையே எடுத்துக்கொள்வோம். முதலில் நாள் மாறாதவற்றை வட்டமிடுங்கள்: நம் ஊரில் தேங்காய் சுடுகிற ஆடி ஒன்று, ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஆடிப் பதினெட்டு. கோட்டை மாரியம்மன் பண்டிகைத் தேதி தெரிந்ததும் அதையும் குறியுங்கள். அப்புறம் அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பண்டிகை அன்று வாழ்த்துப் படம் போட்டால் யாரும் கொலுசு வாங்க வரமாட்டார்கள். வாங்குகிறவர்கள் ஒரு வாரம் முன்பே வந்து போயிருப்பார்கள். அதனால் முதல் எட்டு கேப்ஷன் பண்டிகைக்கு முந்தைய நாட்களுக்கு. ஆடியில் கல்யாணம் இல்லை என்று கடைசி வாரத்தைச் சும்மா விடாதீர்கள். ஆவணி முகூர்த்தக்காரர்கள் மெட்டியும் மணப்பெண் கொலுசும் தேடுவது அப்போதுதான். மீதி நான்கு அவர்களுக்கு.

இனி என்ன எழுதுவது? கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது மூன்று நாள் வாடிக்கையாளர்கள் கேட்பதை அப்படியே ஒரு நோட்டில் குறித்துப் பாருங்கள். "குழந்தைக்குக் குத்துமா?", "திருகாணி கழன்றுவிடுமா?", "கறுத்துப்போனால் பாலிஷ் போட்டுத் தருவீர்களா?" ஒவ்வொரு கேள்வியும் ஒரு கேப்ஷன். முதல் கேள்விக்கு இப்படி எழுதலாம்:

"கைக்குழந்தைக் கொலுசு. ஜோடி 18 கிராம். திருகாணி கிடையாது, கொக்கிதான், ஓரம் மழுக்கியது. கணுக்காலை நூலால் சுற்றி, அந்த நூலை ஸ்கேலில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள்."

'அழகிய' என்ற சொல்லே இதில் இல்லை, பாருங்கள். படத்திலேயே அழகு தெரிகிறது. படத்தில் தெரியாத எடையும் கொக்கியும்தான் எழுத்தில் வேண்டும். விலையை மட்டும் முன்கூட்டி எழுதிவைக்காதீர்கள். வெள்ளி ரேட் தினம் மாறும். எழுதிவைத்த விலையைக் காட்டி வந்து நிற்பார்கள். கிராமை எழுதுங்கள், விலையைக் கேட்கும்போது சொல்லுங்கள்.

படங்களை ஒரே காலையில் எடுத்து முடித்துவிடுங்கள். ஷட்டர் தூக்கியதும் வாசல் வெளிச்சத்தில், வெயில் நேராக விழாத இடத்தில், கறுப்போ அடர்நீலமோ துணி விரித்து எடுத்தால் வெள்ளி எடுப்பாகத் தெரியும். பிளாஷ் போட்டால் வெள்ளைத் திட்டாகப் போய்விடும். ஒவ்வொரு கொலுசுக்கும் முன்னால் அதன் எடையும் காலண்டர் தேதியும் எழுதிய துண்டுச்சீட்டை ஒரு படம் எடுங்கள். கேலரியில் சீட்டு, கொலுசு, சீட்டு, கொலுசு என்று வரிசையாக நிற்கும், தேடவே வேண்டாம். அன்று மாலையே பன்னிரண்டு கேப்ஷனையும் வாட்ஸ்அப்பில் உங்கள் நம்பருக்கே அனுப்பி வைத்துக்கொண்டால், காலையில் நகலெடுத்து ஒட்ட இரண்டு நிமிடம்.

நான் ஜவுளிக்கடை வைத்திருந்தபோது செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு உருப்படி இருந்த சேலையை அடுத்த வாரத்துக்கென்று எழுதிவைத்தேன். அதற்குள் விற்றுப்போனது தெரியாமல் போட்டு, வந்த ஏழெட்டுப் பேருக்கும் இல்லை என்றே சொல்ல வேண்டியதாயிற்று. பட்டறையில் திரும்பச் செய்யக்கூடிய டிசைன்களுக்கு மட்டும் காலண்டரில் இடம் கொடுங்கள். ஒற்றை உருப்படி வந்தால் அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

இன்னொன்று: நீங்கள் அவர்கள் எண்ணையும் அவர்கள் உங்கள் எண்ணையும் சேமித்திருந்தால்தான் ஸ்டேட்டஸ் தெரியும். பில் போடும்போதே இருவரும் சேமித்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்காமல், எந்தக் கேப்ஷனைப் பார்த்து எத்தனை பேர் விசாரித்தார்கள் என்று காலண்டரில் அந்தத் தேதிக்குக் கீழே கோடு போடுங்கள். பட்டறைக்கு வரும் விசாரிப்புகளை அவர் மாலையில் வந்து சொன்னால் அதற்கும் ஒரு கோடு. ஆவணித் தாளைத் திருப்பும்போது கோடு அதிகம் விழுந்த கேள்வியை வேறு கொலுசுப் படத்தோடு மறுபடி போடலாம். கோடே விழாததற்குப் பதில் நோட்டில் இருக்கும் அடுத்த கேள்வி.