ஒரு சுவிச் குக்கரில் பருப்புச் சோறு: விடுதிப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில்

வந்தாறுமூலையில் படித்த நாலு வருசமும் அடுப்பில்லாமல் ஒரு றைஸ் குக்கரோடுதான் என் சீவியம் போனது. அப்பாவுக்குக் களுவாஞ்சிகுடிப் பக்கம் மின்சாமான் திருத்துகிற கடை. அதனால் அந்தப் பெட்டியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்றும் தெரியும். கேளுங்கள்.

ஒலுவில் விடுதியிலிருந்து: அக்கா, அரிசியும் பருப்பும் சேர்த்துப் போட்டேன். பத்து நிமிசத்திலேயே சுவிச் மேலே எழும்பிட்டு. அரிசி பாதி வேகல்ல, அடியில கருகல். குக்கர் பழுதா?

பழுதில்லை தங்கச்சி. சோறு வெந்ததா என்று அந்தக் குக்கருக்குத் தெரியாது. சட்டியின் அடி எவ்வளவு சுடுகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். சட்டிக்குக் கீழே நடுவில், அமுக்கினால் உள்ளே போகிற ஒரு குமிழ் இருக்கிறதல்லவா, அதற்குள் ஒரு காந்தம். சட்டியில் தண்ணி இருக்கும்வரை அடிச்சூடு 100 பாகையை ஒட்டியே நிற்கும். தண்ணி வற்றினதும் சூடு ஏறும், காந்தம் பிடியை விடும், சுவிச் எழும்பும். இவ்வளவுதான் அதன் புத்தி.

உங்கள் சட்டியில் மேலே தண்ணி இருந்திருக்கும், ஆனால் அடியில் ஏதோ படிந்து ஒட்டியிருக்கும். ஒட்டின இடத்தில் தண்ணி சுழலாது, அங்கே மட்டும் சூடு ஏறும், குக்கர் 'வற்றிட்டு' என்று ஏமாந்துவிடும். தேங்காய்ப்பாலையோ மிளகாய்த்தூளையோ முதலிலேயே கொட்டினீர்களா?

அதே தங்கச்சி: ஓம் அக்கா, தேங்காய்ப்பால் மா ரெண்டு கரண்டி, தூளும் போட்டன்.

அதுதான் விசயம். இப்படிச் செய்து பாருங்கள். குக்கரோடு வந்த சின்னக் கோப்பையால் ஒரு கோப்பை வெள்ளை அரிசி, அரைக் கோப்பை மைசூர் பருப்பு. பருப்பை நுரை குறையும்வரை நாலைந்து தண்ணியில் கழுவுங்கள். வெட்டின சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், ரம்பைத் துண்டு, கருவேப்பிலை, ஒரு சிட்டிகை மஞ்சள், மூன்று கோப்பை தண்ணி. எல்லாம் சேர்ந்து சட்டியின் பாதிக்கு மேலே வரக்கூடாது. கொதி வந்ததும் அடி தட்டும்படி ஒருதரம் கிளறி, மூடியைக் கொஞ்சம் விலக்கி வையுங்கள். பருப்பு நுரை பொல்லாதது, மூடியை இறுக்கினால் வெளியே வந்துவிடும். நுரை அடங்கின பிறகு மூடலாம்.

சுவிச் எழும்பினதும் திறக்காமல் பத்து நிமிசம் விடுங்கள். அதற்குப் பிறகுதான் கால் கோப்பை வெந்நீரில் கரைத்த தேங்காய்ப்பால் மாவும் உப்பும் ஊற்றிக் கிளறி, சூடு காக்கிற நிலையிலேயே இன்னும் ஐந்து நிமிசம். முட்டை வேண்டுமென்றால் ஓட்டை நன்றாகக் கழுவி, முதலிலேயே அரிசிக்குள் புதைத்துவிடுங்கள். கடைசியில் தேசிக்காய் பிழிந்தால் போதும். புளியை முதலில் சேர்த்தால் பருப்பு கரைய மறுக்கும்.

அம்பாறைப் பக்கத்துத் தம்பி: சிவப்பரிசிக்கும் இதே தண்ணிதானா?

காணாது. அரை மணித்தியாலம் ஊறவைத்து, இன்னும் அரைக் கோப்பை தண்ணி கூட விடுங்கள். பருப்பு முழுதாகக் கரைந்து சோற்றில் சேர்ந்துவிடும், எனக்கு அதுதான் கூடப் பிடிக்கும்.

மட்டக்களப்பு நகரிலிருந்து: கடலை அவிக்க எத்தனை விசில் விடணும்?

விசில் அடிக்கிறது அழுத்தக் குக்கர். நாங்கள் பேசுகிறது சோற்றுக் குக்கர், இதில் விசிலே இல்லை. எவ்வளவு கொதித்தாலும் 100 பாகைக்கு மேலே தண்ணி சுடாது, அதனால் கடலைக்கு நேரம்தான் விலை. இரவு முழுக்க ஊறின கடலைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேலே போகும், பழைய கடலை என்றால் இன்னும் கூட. தண்ணி இருக்கும்வரை சுவிச் எழும்பாது, ஆனால் வற்றிப்போகும். இடையிடையே பார்த்து வெந்நீர் ஊற்றுங்கள். கௌபி இதைவிடச் சுருக்காக அவியும்.

வந்தாறுமூலைத் தம்பி: தாளிக்கப் போனா எண்ணெய் சுடுறதுக்குள்ள சுவிச் எழும்புது. நான் கரண்டிக் காம்பைச் செருகிச் சுவிச்சை அமுக்கி வைப்பன். உள்ள பியூஸ் இருக்குதானே, பயமில்ல எண்டு சொல்றாங்க.

பியூஸ் இருக்கிறது சரி. ஆனால் அது திரும்ப எழும்புகிற சுவிச் மாதிரி இல்லை தம்பி. சூடு எல்லை தாண்டினால் ஒரே ஒருதரம் அறும், அதோடு குக்கர் செத்துப்போகும், வெளிச்சமும் வராது. அப்பாவின் கடைக்கு இப்படி வந்தவை கொஞ்சநஞ்சமில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, சிலர் புதுப் பியூஸ் போடாமல் வயரை நேராக முறுக்கிவிடுகிறது. பிறகு தீப்பிடிப்பதைத் தடுக்க உள்ளே ஒன்றுமில்லை.

தாளிதத்துக்கு வழி இருக்கு. எண்ணெயைத் தனியாகச் சுடவிடாமல், வெட்டின வெங்காயத்தையும் எண்ணெயையும் ஒன்றாகப் போட்டு அமுக்குங்கள். வெங்காயத்தில் இருக்கிற ஈரம் குக்கரைக் கொஞ்சநேரம் பிடித்துவைக்கும். எழும்பிவிட்டால் மூன்று நாலு நிமிசம் ஆறவிட்டுத் திரும்ப அமுக்குங்கள். இரண்டாம்தரம் வெங்காயம் பொன்னிறமாகத் தொடங்கும். கடுகு வீட்டில் மாதிரிப் படபடவென்று வெடிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கல்லடியிலிருந்து ஒரு அம்மா: மகள், நான் பாற்சோறு செய்யக்குள்ள முதல்லயே பாலை விட்டுத்தான் வைக்கிறன். ஒருநாளும் அடிப்பிடிச்சதில்ல. நீங்க சொல்றது சரியா?

உங்களுக்குச் சரிவருகிறதை நான் பிழை என்று சொல்ல மாட்டேன் அம்மா. பிழிந்த இரண்டாம் பால், மூன்றாம் பால் தண்ணியாக இருக்கும், அது மாப் பாலைப்போல அடியில் படியாது. உங்கள் சட்டி கனமானதாகவும் இருக்கலாம். விடுதிப் பிள்ளைகள் கையில் இருக்கிறது மெல்லிய அலுமினியம், அதற்குத்தான் பயந்தேன்.

அக்கரைப்பற்றிலிருந்து: ராத்தா, நோன்பில சஹருக்கு எழும்பிச் சமைக்க ஏலா. இரவே பருப்புச் சோறு ஆக்கி, சூட்டிலயே விட்டா என்ன?

வேண்டாம் தங்கச்சி. தேங்காய்ப்பால் சேர்ந்த சோறு நம்முடைய வெக்கைக்குச் சுருக்காகப் புளித்துப்போகும். நடுச்சாமத்தில் கறன்ட் போனால் சூடும் இல்லை, உங்களுக்குத் தெரியவும் வராது. அரிசியில் இருக்கிற ஒருவகைக் கிருமியின் வித்து கொதித்தாலும் சாகாது. வெதுவெதுப்பில் அது பெருகி விடுகிற நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. வாசம் பிழையில்லாமல் இருந்தாலும் வயிற்றைக் கலக்கும்.

அரிசி, பருப்பு, வெங்காயம் எல்லாம் கழுவி வெட்டி மூடி வைத்துவிட்டுப் படுங்கள். எழும்பினதும் தண்ணி விட்டு அமுக்குங்கள். வெள்ளை அரிசி என்றால் அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட எடுக்கும், முகம் கழுவி வர நுரை அடங்கியிருக்கும். சட்டியை உள்ளே இறக்கமுதல் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடையுங்கள். ஒரு அரிசி கீழே மாட்டினாலும் சட்டி சரிந்து நிற்கும், சோறு ஒரு பக்கம் வேகும், மற்றப் பக்கம் கருகும். தூக்கக் கண்ணோடு அதைத்தான் எல்லோரும் விடுகிறது.

பெயர் போடாதவர்: எங்க விடுதியில குக்கரே வைக்க விடாங்க. ஒளிச்சுச் சமைக்கிறது எப்படி?

அதை நான் சொல்லித்தர மாட்டேன். வோர்டனிடம் கேட்டுப் பாருங்கள், சில விடுதிகளில் பொது அறையில் மட்டும் விடுகிறார்கள். விட்டால், குக்கரைச் சுவர்ப் பிளக்கிலேயே குத்துங்கள். ஒரே நீட்டு வயரில் நாலு பிள்ளைகளின் குக்கர் கேத்தல் எல்லாம் மாட்டி வயர் சுட்டதை நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன்.