குரூப் 4 வகுப்பின் கடைசி நாள்

“குரூப் 4 பயிற்சி வகுப்பு நாளையோடு முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை தேர்வு. பிள்ளைகளிடம் என்ன சொல்லி விடைபெறுவது?”

வாழ்த்துரைக்கு ஐந்து நிமிடம் போதும், ஐயா. சால்வை, புகைப்படமெல்லாம் தேர்வுக்குப் பிறகு இருக்கட்டும். மீதி நேரத்தில் மாதிரி விடைத்தாளைக் கொடுத்து, கறுப்பு பால்பாயின்ட் பேனாவால் 200 கேள்விகளுக்கும் வட்டம் நிரப்பச் சொல்லுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. ஆகவே ‘விடை தெரியவில்லை’ என்ற ஐந்தாவது வட்டத்தைவிட, யோசித்து முதல் நான்கில் ஒன்றை நிரப்புவதே லாபம். எதையும் நிரப்பாமல் மட்டும் விடக்கூடாது.

பிறகு தாள்களை வாங்கிப் பாருங்கள். 57ஆம் கேள்வியின் விடையை 58இல் போட்டு, அங்கிருந்து வரிசையே பிசகியவர் யாராவது இருப்பார். அவரை அருகில் உட்காரவைத்துத் திருத்துங்கள்.

கிளம்பும்போது, முடிவு வந்ததும் தேறாதவர்களும் கட்டாயம் தொலைபேசியில் பேச வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு ஒதுங்குபவர்கள் அவர்கள்தான்.