சிவந்து வீங்கிய கால்: ஏன் திரும்ப வருகிறது?

"அக்கரைப்பற்றில் இருக்கிறோம். வயலுக்குப் போற அப்பாவுக்கு வலது கால் சிவந்து, கொதிச்சு வீங்கி, காய்ச்சலும் அடிக்குது. போன வருசமும் இதே கால்தான். ஏன் திரும்ப வருது?"

இது பெரும்பாலும் செல்லுலைட்டிஸ், தோலின் அடியில் பற்றிய கிருமித்தொற்று. காய்ச்சல் இருப்பதால் இன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். சீனி வருத்தம், பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் சொல்லுங்கள்.

வழமையாகக் கொடுப்பது குளோக்சசிலின் அல்லது ஃபுளூக்ளோக்சசிலின் 500 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, வெறும் வயிற்றில், 5 முதல் 7 நாள். சிவப்பின் விளிம்பைப் பேனையால் கோடிட்டு நேரத்தையும் எழுதுங்கள். முதல் நாள் கோட்டைச் சற்றுத் தாண்டலாம். அதற்காக மருந்தை மாற்றத் தேவையில்லை. 48 மணித்தியாலத்துக்குப் பிறகும் பரவினால் திரும்பக் காட்ட வேண்டும். தாங்க முடியாத வலி, கறுத்த தோல், கொப்புளம், மயக்கம், மூச்சு வாங்குதல் என்றால் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு. படுக்கும்போது காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தலையணையில் வையுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

இனி, திரும்ப வரும் காரணம். கால்விரல் இடுக்கை விரித்துப் பாருங்கள். வெள்ளையாய் ஊறி வெடித்திருந்தால் அந்தச் சேற்றுப்புண்தான் கிருமியின் வாசல். வயலால் வந்ததும் கழுவி, இடுக்கைத் துணியால் ஒற்றி, குளோட்ரிமசோல் கிறீம் இரண்டு வேளை. ஆறிய பிறகும் இரண்டு கிழமை பூச வேண்டும். ஒவ்வொரு தொற்றும் காலில் தேங்கும் நீரை வடிக்கும் நிணநீர்க் குழாய்களைக் கெடுப்பதால் வீக்கம் தங்கும், அது அடுத்ததற்கு இடம் கொடுக்கும். தொற்று அடங்கியதும் அழுத்தக் காலுறை பொருந்துமா என்று கேளுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வந்தால், தினமும் குறைந்த அளவு பெனிசிலின் குளிசையை மாதக்கணக்கில் கொடுப்பதும் உண்டு.