மேலாளருக்கு ஐந்து வரியில் ஒரு நன்றி

"அக்கா, என்ர ஊர் தம்பிலுவில். இங்கிலாந்துக்கு வந்து ஒன்றரை வருஷம், ஒரு களஞ்சியத்தில் வேலை. போன வருஷம் அப்பா தவறிட்டார். சரக்குக் கணக்கில் பிழை விட்டு புரொபேஷனும் மூன்று மாதம் நீண்டுது. மனேஜர்தான் செவ்வாய்க்கிழமை தோறும் கால் மணித்தியாலம் பக்கத்தில் இருத்திப் பழக்கினா. இப்ப அவ வேற கிளைக்குப் போறா. நன்றி சொல்லி எழுதினன், ஒரு பக்கம் தாண்டிட்டுது. 'எனது இரண்டாவது தாய்' என்று போடலாமா? பரிசும் கொடுக்கணுமா?"

தம்பி, கண்ணகை அம்மன் குளிர்த்தி விழாவுக்காக ஆரையம்பதிக்கு வந்து, அம்மாவின் வீட்டு விறாந்தையில் இருந்தபடி இதை எழுதுகிறேன். நேற்று மாமி ஒரு சட்டி தயிர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நானும் நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லை, அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. திரும்பிப் போகும் சட்டியில் நாம் எதையாவது போட்டு அனுப்புவோம், அவ்வளவுதான். வீட்டுக்குள் அந்தச் சொல்லைப் புழங்காத நாம், எழுத வேண்டி வந்தால் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் கேட்ட நன்றியுரையைத்தான் கையில் எடுக்கிறோம். உங்கள் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டியதற்கும் 'இரண்டாவது தாய்' வந்து நின்றதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். ஊரில் அது பெரிய மரியாதை. அங்கே மேலாளர் ஒருவருக்கு அது சங்கடம். தமக்குக் கீழ் வேலை செய்யும் எல்லோரையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டிய பொறுப்பில் இருப்பவருக்கு, ஒருவருக்கு மட்டும் தாயாக இருந்ததாக எழுத்தில் சொல்வது பாராட்டாகாது. நானும் இந்தப் பிழையை விட்டவள். என் முதலாவது வேலையில் என்னைத் தாங்கிய மேலாளருக்கு இரண்டு பக்கம் எழுதினேன். "நீங்கள் இல்லாவிட்டால் நான் அழிந்திருப்பேன்" என்றேன், மூன்று இடத்தில் மன்னிப்புக் கேட்டேன், கடைசி வரியில் வேலையை நிரந்தரமாக்க உதவ முடியுமா என்றும் கேட்டுவைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பல மாதங்களுக்குப் பிறகுதான், கடைசி வரியை வாசித்தவுடன் முன்னால் இருந்த இரண்டு பக்கமும் அந்த விண்ணப்பத்துக்கான முகவுரையாகத் தெரிந்ததென்று சிரித்துக்கொண்டே சொன்னார். நன்றியோடு வேண்டுகோளை ஒட்டாதீர்கள். சான்றுக் கடிதம் தேவையென்றால் இரண்டு மூன்று வாரம் கழித்துத் தனியாகக் கேளுங்கள்.

உங்களிடம் இருக்கும் நல்ல பொருள் அந்தச் செவ்வாய்க்கிழமைக் கால் மணித்தியாலம்தான். "வழிகாட்டினீர்கள், ஊக்கமளித்தீர்கள்" என்பவை எந்த மேலாளருக்கும் பொருந்தும். ஆகவே அவர் செய்த ஒரு செயல், அதனால் உங்கள் வேலையில் மாறிய ஒன்று, இன்று நீங்கள் நிற்கும் இடம் ஆகிய மூன்றையும் அந்த ஒழுங்கிலேயே சொல்லுங்கள். ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள் என்றாலும் முதலில் தமிழில் ஒழுங்குபடுத்திக்கொண்டால் பள்ளிக்கூட ஆங்கிலத்தின் அலங்காரங்கள் உள்ளே வராது. நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும். உங்கள் களஞ்சியத்தில் நடந்தது எனக்குத் தெரியாததால் சில விவரங்களை ஊகித்திருக்கிறேன், அவ்விடங்களில் உண்மையில் நடந்ததைப் போடுங்கள்.

"கடந்த ஆண்டு சரக்குக் கணக்கில் நான் பிழை விட்ட பிறகு, செவ்வாய்க்கிழமை தோறும் என்னோடு இருந்து, எண்ணிக்கை எங்கே பொருந்தவில்லை என்பதை நானே கண்டுபிடிக்கும் வரை பொறுத்திருந்தீர்கள். விடையை நீங்களே சொல்லியிருந்தால் உங்கள் நேரம் மிஞ்சியிருக்கும், நான் கற்றிருக்க மாட்டேன். இப்போது வாரக் கணக்கைத் தனியாக முடிக்கிறேன், புதிதாக வந்தவருக்கும் அதே முறையில் சொல்லிக்கொடுக்கிறேன். என் தந்தை இறந்த வாரத்தில் நீங்கள் காட்டிய கனிவையும் நான் மறக்கவில்லை. மிக்க நன்றி, புதிய கிளையில் எல்லாம் நல்லபடி அமையட்டும்."

தந்தையின் மறைவு ஒரே வாக்கியத்தில், அதுவும் நான்காவதாக வருவதைக் கவனியுங்கள். அதை முதலில் வைத்து விரித்தால் வாசிப்பவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைக்குப் போய்விடுவார். பிழையை மறைக்கவும் இல்லை, அதற்காக மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அது ஏற்கெனவே பேசி முடிந்த விடயம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதைப் பலர் யோசிப்பதில்லை. இத்தகைய குறிப்பு கிடைத்தால் மேலாளர் சில வேளை அதைத் தமக்கு மேலே உள்ளவருக்கு மகிழ்ச்சியோடு அனுப்பிவைப்பார். ஆகவே உங்கள் துயர வாரத்தில் அவர் விதியைச் சற்று வளைத்து உங்களை நேரத்தோடு வீட்டுக்குப் போக விட்டிருந்தால், அல்லது வராத நாளை வந்ததாகக் கணக்கிட்டிருந்தால், அதை எழுத்தில் கொண்டுவரவே கூடாது. உங்கள் நன்றியே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். அதை நேரில், தனியாக இருக்கும்போது சொல்லுங்கள். முன்பு இருந்த மேலாளரை விட இவர் நல்லவர் என்ற ஒப்பீட்டையும் இதே காரணத்துக்காக விடுங்கள். எழுதி முடித்ததும், அவருடைய மேலதிகாரி எதிரே இருந்து வாசிப்பதாக எண்ணி ஒரு தடவை சத்தமாக வாசித்துப் பாருங்கள். எங்கே நா தடுமாறுகிறதோ அந்த வரியை வெட்டுங்கள்.

நம்முடைய பள்ளிக்கூடங்களில் பழக்கிய "ரெஸ்பெக்டட் மேடம்", "கீழ்ப்படிவுள்ள" இரண்டும் வேண்டாம். நாளாந்தம் அவரை முதற்பெயரால் கூப்பிடுகிறீர்கள் என்றால் கடிதத்திலும் அதே பெயர்தான். திடீரென்று மேடம் என்றால் விலகி நிற்பது போலிருக்கும். எல்லோரும் இரண்டு வரி எழுதிக் கையொப்பமிடும் பிரியாவிடை அட்டை ஒன்று கட்டாயம் சுற்றிவரும். அதில் நீங்களும் இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டு, இந்தக் குறிப்பைத் தனி அட்டையில் கையால் எழுதி, அவர் போவதற்கு மூன்று நான்கு நாள் முன்னதாகக் கொடுங்கள். கடைசி நாள் அவருக்குச் சாவி ஒப்படைக்கவும் கேக் வெட்டவுமே சரியாக இருக்கும்.

பரிசு கட்டாயமில்லை. பல நிறுவனங்களில் அன்பளிப்புக்கென்று விதி உண்டு, முதலில் அதைப் பாருங்கள். கொடுப்பதாக இருந்தால் விலை பேசாத சிறிய பொருள் போதும். மருதமுனைக் கைத்தறியில் ஒரு சிறு துண்டு, அல்லது பன் புல்லில் இழைத்த ஒரு சின்னப் பெட்டி, வீட்டார் தபாலில் அனுப்பக்கூடியது. மட்டக்களப்பு முந்திரிப்பருப்பை மட்டும் கேட்காமல் நீட்டிவிடாதீர்கள். நான் ஆசையாகக் கொண்டுபோன ஒரு கிலோவை என் மேலாளர் பெட்டியோடு தள்ளி வைத்துவிட்டு, கொட்டைப் பருப்பு தமக்கு ஒவ்வாது என்று கை கழுவப் போனார்.

பதில் ஒரு வரியில்தான் வரும். "தாங்க்ஸ், இது எனக்கு மிகவும் பெரிய விடயம்" என்ற அளவில். மனம் நோக வேண்டாம், அங்கே அது முழுப் பதில். அதற்குத் திரும்ப நன்றி எழுதாமல், அடுத்த நாள் காலையில் வழமை போல வணக்கம் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.